வித்வானுக்குக் காய்ச்சல், அட்வான்ஸ் யாருக்கு?

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கிறது. பந்தக்கால் ஊன்றியாகிவிட்டது, சமையல்காரருக்கு மளிகை இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் நாதஸ்வர வித்வானிடமிருந்து போன் வருகிறது: “அண்ணே, நாலு நாளா காய்ச்சல். நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு, மூச்சு புடிக்க முடியல. அட்வான்ஸைத் திருப்பித் தந்துடறேன். இல்லேன்னா நமக்குத் தெரிஞ்ச வித்வான் ஒருத்தரை அனுப்பறேன், சுகமா வாசிப்பாரு.”

பெண்ணின் தகப்பனாருக்குக் கோபம் வருவது இயல்பு. அட்வான்ஸ் வாங்கியவர் எப்படியாவது வந்து வாசித்துக் கொடுக்க வேண்டாமா என்று கேட்பார். சட்டம் அப்படிக் கேட்பதில்லை. நம் நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த நிலைமையை நேரடியாகவே பேசுகிறது. அதன் 65-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. ஒருவர் கச்சேரியில் பாட ஒப்புக்கொண்டு ஆயிரம் ரூபாயை முன்பணமாக வாங்குகிறார். உடல்நிலை கெட்டுப் பாட முடியாமல் போகிறது. கச்சேரி நடந்திருந்தால் ஏற்பாட்டாளருக்குக் கிடைத்திருக்கும் லாபத்தை அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. வாங்கிய ஆயிரத்தை மட்டும் திருப்பித் தந்தாக வேண்டும்.

அதாவது, நோய் கலைஞரை மேடையேறும் கடமையிலிருந்து விடுவிக்கிறது. பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருவதில்லை. “அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது” என்று ரசீதில் அச்சடித்திருந்தால் என்ன செய்வது? அந்த வரி பொதுவாக, வாடிக்கையாளர் தம் இஷ்டத்துக்கு நிகழ்ச்சியை ரத்து செய்தால் கலைஞருக்கு நஷ்டம் வராமல் காக்க எழுதப்படுவது. கலைஞரே வர முடியாமல் போனதற்கு அதைக் காட்டுவது நியாயமல்ல.

நோய் மன்னிக்கப்பட்டாலும், அதைத் தாமதமாகச் சொல்வது மன்னிக்கப்படுவதில்லை. இதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1871 ஜனவரி 14 அன்று லிங்கன்ஷயரில் உள்ள பிரிக் என்ற ஊரில், அக்காலத்தின் புகழ்பெற்ற பியானோ கலைஞர் அராபெல்லா காடார்ட் வாசிப்பதாக ஏற்பாடு. அவர் நோயுற்றார். வர முடியாது என்ற செய்தி கச்சேரி நாள் காலையில்தான் கடிதமாக ஏற்பாட்டாளர் கைக்குக் கிடைத்தது. வழக்குப் போட்டவருக்குக் கச்சேரி நின்றுபோன நஷ்டத்தை நீதிமன்றம் தரவில்லை. குறிப்பிட்ட ஒரு கலைஞர் நேரில் வந்து வாசிப்பது என்ற ஒப்பந்தத்தில், அவர் வாசிக்கும் உடல்நிலையில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கியிருக்கிறது என்றார்கள் நீதிபதிகள். ஆனால் தந்தி அடித்து முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்பதற்காக, வெளியூர் ரசிகர்களுக்குத் தகவல் அனுப்ப ஆன சிறு செலவு வழக்குப் போட்டவருக்குக் கிடைத்தது. நம் வித்வான் மூன்று நாள் முன்பே போன் செய்தது, அந்த வகையில், சரியான காரியம்.

அடுத்தது மாற்று ஆள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது, நாம் எதை புக் செய்தோம் என்பதை. இன்னாருடைய வாசிப்பு வேண்டும் என்று பெயரைச் சொல்லித் தேதி வாங்கியிருந்தால், அவரே வந்து வாசிக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. அவர் அனுப்பும் இன்னொருவரை நாம் ஏற்றாக வேண்டும் என்று கட்டாயமில்லை. மாறாக, “இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி, ஒரு செட்டு” என்று பேசியிருந்தால் கதை வேறு. அதில் ஒரு தவில்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால், செட்டை ஒப்புக்கொண்டவர்தான் வேறு தவில்காரரைத் தேடிக் கொண்டுவர வேண்டும். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் படுத்துவிட்டாலும் இதே கணக்குதான். அங்கே நோயைச் சொல்லி நிகழ்ச்சியை ரத்து செய்வது எளிதில் எடுபடாது.

மாற்று ஆளை நாம் ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்கும் ஒரு விளைவு உண்டு. 41-ஆம் பிரிவின்படி, வேறொருவர் செய்து கொடுத்ததை ஏற்றுக்கொண்ட பிறகு, “நீ வரவில்லையே” என்று முதல் ஆளைக் கேட்க முடியாது. எனவே தலையாட்டுவதற்கு முன்பே பணத்தைப் பேசிவிட வேண்டும்.

ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பேசியது 40,000 ரூபாய், கொடுத்த அட்வான்ஸ் 15,000. மாற்று வித்வானின் செட்டுக்கு 30,000 என்று வைத்துக்கொள்வோம். நோயுற்ற வித்வான் அட்வான்ஸை அவரிடமே கொடுத்துவிடுகிறார் என்றால், கல்யாண வீட்டார் மீதி தர வேண்டியது 15,000 மட்டும், 25,000 அல்ல. இது பேசப்படாமல் போனால், கெட்டிமேளம் முடிந்த கையோடு பழைய தொகையின் மீதியைக் கேட்டு ஒருவர் வந்து நிற்பார். மாற்று செட்டு 50,000 கேட்டால்? உண்மையான நோய்க்குக் கூடுதல் பத்தாயிரத்தை முதல் வித்வான் ஏற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு நாமே வேறு செட்டு தேடுவது அப்போது நல்லது.

நோயே பொய் என்றால் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. நல்ல முகூர்த்த நாளில் அதிகத் தொகைக்கு வேறு இடம் வந்ததும் காய்ச்சல் வருவது கேள்விப்படாத சங்கதி அல்ல. அது ஒப்பந்த மீறல். அவசரத்தில் வேறு செட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த தொகையையும், 73-ஆம் பிரிவின் கீழ், நஷ்டஈடாகக் கேட்கலாம். ஆனால் நாமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. நியாயமான விலையில் மாற்று தேடியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் டாக்டர் சீட்டைக் கேட்பதில் தவறில்லை. மெய்யான நோயாளி அதை மறைக்க மாட்டார். அதே நாளில் இன்னொரு மண்டபத்தில் அவர் வாசிக்கும் வீடியோ வந்தால் அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மற்றொரு பக்கம், “எப்படியாவது வந்து ஒப்பேற்றுங்கள்” என்று நோயாளியை வற்புறுத்துவதும் சரியல்ல. நாதஸ்வரம் முழுக்க மூச்சை நம்பிய வாத்தியம். நெஞ்சில் சளியோடு முகூர்த்தம் முழுக்க வாசிக்க முடியாது. வாய்ப்பாட்டுக்காரர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வீங்கிய குரல்நாணை வைத்துக்கொண்டு உச்சஸ்தாயியில் பாடினால் அதில் ரத்தம் கசியலாம். ஒரு நாள் கச்சேரிக்காக மாதக்கணக்கில் தொண்டையை மூடிக்கொண்டு உட்கார நேரும்.

இந்தச் சச்சரவுகளில் பெரும்பாலானவை, வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு வரி எழுதாததால் வருபவை. ரசீதில் இப்படி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: “கலைஞருக்கு உடல்நலக் குறைவால் வர முடியாவிட்டால் உடனே போனில் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் சம்மதித்தால் மாற்றுக் கலைஞர் வருவார். அவருடைய தொகை முன்பே பேசப்படும், கொடுத்த முன்பணம் அதில் கழிக்கப்படும். சம்மதிக்காவிட்டால் முன்பணம் முழுவதும் ஏழு நாளில் திருப்பித் தரப்படும்.” தேதி, நேரம், மொத்தத் தொகை, எத்தனை வாத்தியம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவோ ஜிபேயிலோ அனுப்பினால், கொடுத்ததற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.