மூன்று செல், மூன்று கணக்கு

ஒரு சின்ன மாடல் விமானத்தின் லிப்போ பேட்டரியில் இரண்டு வயர்க் கூட்டங்கள் இருக்கும். தடித்த சிவப்பும் கருப்பும் மோட்டாருக்கு. பக்கத்தில் வெள்ளை பிளக்கில் முடிகிற மெல்லிய வயர்கள் நான்கு இருக்கும். சார்ஜ் ஏற்றும்போது பலரும் அலட்சியம் செய்வது இந்த நான்கைத்தான்.

மேலே 3S என்று அச்சிட்டிருந்தால் உள்ளே மூன்று செல்கள். ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரை ஏறலாம், மொத்தம் 12.6. தடித்த வயர்களை மட்டும் மாட்டினால் சார்ஜருக்குத் தெரிவது மொத்தம் மட்டுமே. பழைய பேட்டரியில் செல்கள் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. ஒன்று 4.35, மற்றவை 4.15, 4.10 என்று நின்றாலும் கூட்டல் 12.6தான். சார்ஜர் எல்லாம் சரி என்று முடித்துக்கொள்ளும். முதல் செல்லோ எல்லை தாண்டியிருக்கும். மெல்லிய வயர்களையும் மாட்டி BALANCE முறையில் வைத்தால், சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனியே அளந்து, முந்துகிறதைப் பிடித்து நிறுத்தும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. பல சார்ஜர்களில் NiMH என்றொரு முறை இருக்கிறது. அந்த வகை பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜ் லேசாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் சார்ஜர் நிற்கும். லிப்போவில் அந்த இறக்கம் வராது. ஆகவே சார்ஜர் திணித்துக்கொண்டே போகும். பேட்டரி உப்பும், புகையும், தீப்பிடிக்கும். அதனால் ஸ்டார்ட் அழுத்துமுன் திரையில் வகை LiPo, செல் எண்ணிக்கை 3S, கரன்ட் மூன்றையும் பார்ப்பது கட்டாயம். 2200 மில்லிஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் பாதுகாப்பான அளவு.

கேமரா பேட்டரியிலும் பெரும்பாலான ட்ரோன் பேட்டரிகளிலும் இந்த வெள்ளை பிளக் வெளியே தெரியாது. காவல் பார்க்கும் சர்க்யூட் உள்ளேயே இருக்கும். அதோடு ஒத்துப்போவது அதற்கென்றே செய்த சார்ஜர்தான். முனை பொருந்துகிறதே என்று வேறொன்றைச் செருகுவது வீண் துணிச்சல்.

சார்ஜ் ஏற்றும் இடம் மெத்தையோ மர மேசையோ ஆகக் கூடாது. தரை ஓடு நல்லது. ஆள் கிட்டவே இருக்க வேண்டும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கும் வழக்கம் இதற்கு ஆகாது.

மழைக்காலத்தில் விமானம் வாரக்கணக்கில் பரணில் கிடக்கும். அப்போது பேட்டரியை முழுக்க நிரப்பி வைப்பதும் கெடுதல், காலியாக வைப்பதும் கெடுதல். நிறைந்து கிடந்தால் சீக்கிரம் உப்பும். செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பெரும்பாலும் வீண்தான். STORAGE முறை செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில், அதாவது மொத்தம் 11.4இல் கொண்டுவந்து நிறுத்தும். பிறகு விமானத்திலிருந்து கழற்றி, சாவி, நாணயம் எதுவும் படாமல், நிழலான இடத்தில் வைக்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வேண்டாம். லேசாக உப்பிய பேட்டரியையும் இனி சார்ஜரில் மாட்டக் கூடாது. அமுக்கவோ குத்தவோ செய்யாமல், குப்பைத்தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுக்க வேண்டும்.