தெர்மாமீட்டர் எந்த ஆழத்தில் இருந்தது?

“பத்து டிகிரி சூடு ஏறினால் மண் இரண்டு மடங்கு கரியமில வாயுவை வெளியிடுமாம். அப்படியானால் எங்கள் தோப்பு மண்ணிலுள்ள மக்கெல்லாம் காற்றோடு போய்விடுமா?” என்று கிணத்துக்கடவு தென்னை விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் படித்த செய்தியில் இருப்பது கியூ10 என்னும் எண். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் மட்கும் வேகம் எத்தனை மடங்காகும் என்பதே அது. இந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், தலைப்புச் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கியூ10 கூட்டு வட்டி மாதிரி. பத்து டிகிரிக்கு இரு மடங்கு என்றால் ஒரு டிகிரிக்குப் பத்து சதவீதம் என்று அர்த்தமில்லை. சுமார் ஏழு சதவீதம்தான். மூன்று டிகிரிக்கு 23 சதவீதம். இங்கே முதல் என்பது மண்ணிலுள்ள மக்கு. நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயுதான் வட்டி. ஆனால் இந்தக் கணக்கில் வட்டியே முதலிலிருந்துதான் போகிறது. வட்டி விகிதம் ஏற ஏற முதல் கரையும். முதல் கரைந்தால், விகிதம் ஏறியிருந்தும் வட்டித் தொகை இறங்கும்.

வரலாற்றுக்கு இரண்டு வரி போதும். 1884இல் வான்ட் ஹாஃப் வேதிவினைகளுக்கும் வெப்பத்துக்கும் உள்ள இந்த உறவை எழுதினார். 1920களில் லுண்டகார்த் மண்ணின் மேல் மூடி வைத்து மூச்சை அளந்தார். இன்று மண்ணின் மூச்சை அளக்கும் சேம்பரும் அடிப்படையில் அதேதான்.

முதலில் ஒரு வளையத்தை மண்ணில் சில சென்டிமீட்டர் அழுத்துவார்கள். அழுத்தியதுமே அளந்தால் கலைந்த மண் வாயுவைக் கூடுதலாக விடும். அதனால் ஒரு நாளாவது விட்டுவைக்க வேண்டும். பிறகு வளையத்தின் மேல் சேம்பரை மூடி, உள்ளே கரியமில வாயு ஏறுவதைப் பதிவு செய்வார்கள். அதிக நேரம் மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து, மண்ணிலிருந்து மேலும் வருவதை மட்டுப்படுத்தும். வரைபடத்தின் கோடு வளையத் தொடங்கும். ஆகவே முதல் இரண்டு மூன்று நிமிடங்களின் நேர்கோட்டுச் சரிவையே எடுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். சேம்பரின் உயரம் 15 செ.மீ. காலையில் இரண்டு நிமிடத்தில் 60 பிபிஎம் ஏறுகிறது. அதாவது வினாடிக்கு 0.5. ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 39 மோல் இருக்கும். 0.5 × 39 × 0.15 என்று பெருக்கினால், ஒரு சதுர மீட்டரிலிருந்து வினாடிக்கு 2.9 மைக்ரோமோல். அதே இடத்தில் பிற்பகலில் 5.0 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செ.மீ. ஆழத்தில் மண் காலையில் 24, பிற்பகலில் 32 டிகிரி.

```
Q10 = (R2/R1)^(10/(T2-T1))
    = (5.0/2.9)^(10/8) ≈ 2.0
```

பாடப்புத்தக விடை வந்துவிட்டது. இப்போது தெர்மாமீட்டரை மட்டும் 15 செ.மீ. ஆழத்துக்கு இறக்குவோம். அங்கே பகல் சூடு மெதுவாகவும் தாமதமாகவும் எட்டும். அதே இரு வேளைகளில் 26.5, 29.5 என்று வெறும் மூன்று டிகிரி வித்தியாசம். மண் விட்ட மூச்சில் மாற்றமே இல்லை. ஆனால் அடுக்குக்குறி 10/3 ஆகிவிட, கியூ10 ஆறு! மண் அதேதான், மாறியது தெர்மாமீட்டர் இருந்த ஆழம் மட்டும். என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

இந்த ஆழப் பிழையைக் கண்டுபிடிக்க வழி உண்டு. நாள் முழுதும் மணிக்கொரு முறை அளந்து, மூச்சை வெப்பநிலைக்கு எதிரே வரைய வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் புள்ளிகள் ஒரே கோட்டில் அமர்ந்தால் நல்லது. அவை கண்ணிபோல் சுற்றி வந்தால், வாயு பிறக்கும் ஆழமும் தெர்மாமீட்டர் இருக்கும் ஆழமும் வேறு என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது ஈரம். கொங்குப் பகுதியில் ஏப்ரலில் மண் கொதிக்கும். மானாவாரிக் காட்டில் ஈரமும் இருக்காது. நுண்ணுயிர்கள் வறட்சியில் முடங்கிவிடும். அந்த ஏப்ரலை அக்டோபர் மழைக்கால மண்ணோடு ஒப்பிட்டால், சூடு ஏற மூச்சு குறைந்ததாகத் தெரியும். கியூ10 ஒன்றுக்கும் கீழே போகும். அது வெப்பத்தின் வேலையல்ல, நீரின் வேலை. சொட்டுநீர் பாயும் தென்னை வட்டப்பாத்தியிலோ நிலைமை வேறு. அங்கே கோடைச் சூடு முழு வேலையையும் செய்யும். ஒரே தோப்பில் பாத்திக்கும் வரிசைக்கு நடுவிலுள்ள காய்ந்த இடத்துக்கும் தனித்தனியாக அளந்தாக வேண்டும்.

பாத்தியில் இன்னொரு சிக்கல். தென்னை வேர்களும் மூச்சுவிடுகின்றன. சேம்பருக்கு வேரும் நுண்ணுயிரும் ஒன்றுதான். மட்குதலை மட்டும் அறிய, வேர் புகாதபடி ஆழமான வளையம் இறக்கி, அறுபட்ட வேர்கள் மட்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முதல் கரைவதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1991 முதல் மண்ணை ஐந்து டிகிரி கூடுதலாகச் சூடேற்றி வருகிறார்கள். முதல் பத்தாண்டில் வாயு வெளியேற்றம் எகிறியது; எளிதில் மட்கும் பொருள் குறைந்ததும் அந்தக் கூடுதல் அடங்கியது; பிற்பாடு மீண்டும் ஏறியது. ஒரு நாள் கியூ10ஐ வைத்து நூறாண்டுக்குக் கணக்குப் போடக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

எனவே விவசாயிக்கு என் பதில்: மக்கெல்லாம் போய்விடாது. ஆனால் ஈரமுள்ள பாத்தியில் கோடையில் அது வேகமாகக் கரையும். மட்டையும் உரிமட்டையும் அங்கேயே மூடாக்காகக் கிடந்தால் சூடு தணியும், கரைந்த முதலும் ஓரளவு திரும்பும். மக்கு கூடுகிறதா குறைகிறதா என்பதைச் சேம்பர் சொல்லாது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் மண் எடுத்து அங்ககக் கரிமத்தைச் சோதித்தால்தான் தெரியும். கோவையில் 1909இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயல்களின் மதிப்பு அந்தப் பொறுமையில்தான் இருக்கிறது.