கவர் லெட்டரில் கனமான பத்தி

இயந்திரக் கற்றல் துறையில் தொடக்கநிலைப் பணிக்கு விண்ணப்பிக்கும் புள்ளியியல் பட்டதாரி, கவர் லெட்டரில் அதிகம் உழைக்க வேண்டியது தன் புராஜெக்டைச் சொல்லும் பத்தியில்தான். சிறுநகரக் கல்லூரியில் படித்தவருக்குப் பெரிய நிறுவனப் பயிற்சி வாய்த்திருக்காது. அந்த இடத்தை நிரப்புவது இந்தப் பத்தியே.

பலர் “என் மாடலின் துல்லியம் 95 சதவீதம்” என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். 1,000 கடன்தாரர்களில் 50 பேரே தவணை தவறியவர்கள் என்றால், யாருமே தவறமாட்டார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அதே 95 கிடைத்துவிடும். தேர்வு செய்பவருக்கு இது உடனே புரியும்.

“பயிற்சிக்குப் பயன்படுத்தாத 1,000 பேரின் தரவில் சோதித்தேன். மாடல் 80 பேரைச் சுட்டியது. அவர்களில் 30 பேர் உண்மையில் தவணை தவறியவர்கள். இன்னும் 20 பேரை அது கண்டுபிடிக்கவில்லை” என்று எழுதுவதே சரி. இங்கே துல்லியம் 93 சதவீதமாகக் குறைகிறது. ஆனாலும் வங்கிக்குப் பயன்படுவது இந்த மாடல்தான். ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். புள்ளியியல் படிப்பின் பலம் அந்த வரியில் தெரியும்.

ஊரைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து வேலைக்கு வர முடியும் என்று குறிப்பிட்டால் போதும்.