தக்காளி கிலோ என்ன விலை? ஸ்பானியச் சந்தையில் காதுக்கு ஒரு பயிற்சி

ஸ்பானிய மொழிப் பாடநூல்களில் சந்தை உரையாடல் தொடக்கத்திலேயே வந்துவிடும். விலை கேட்பதை மாணவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் கடைக்காரர் பதில் சொன்னதும் திகைத்து நிற்கிறார்கள். கேள்வியை மனப்பாடம் செய்துவிடலாம். பதிலை அப்படிச் செய்ய முடியாது, தக்காளியின் விலை நாளுக்கு நாள் மாறும்.

ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு காய்கறிக் கடை என்று வைத்துக்கொள்வோம். அங்கே கடையைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வரிசை இருக்காது. வருபவர் "கியென் எஸ் எல் உல்த்திமோ?" என்று கேட்பார். கடைசியாக வந்தவர் யார் என்று பொருள். "யோ" (நான்) என்று யாராவது சொன்னால், அவருக்கு அடுத்தது நம் முறை. இந்த ஒரு கேள்வியைப் பல பயிற்சிகள் சேர்ப்பதே இல்லை. அதைத் தெரியாமல் போனால் வாங்கவே முடியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

முறை வந்ததும் கடைக்காரர் "கே லே போங்கோ?" என்பார். என்ன போடட்டும் என்று நம் ஊர்க் கடையில் கேட்பது போலத்தான். வாங்குபவர் "அ க்வான்தோ எஸ்தான் லோஸ் தொமாத்தெஸ்?" என்கிறார். பாடநூலில் முதலில் வரும் "க்வான்தோ க்வெஸ்தா?" எங்கும் செல்லும். ஆனால் அன்றாடம் ஏறி இறங்கும் காய், மீன் விலைகளுக்கு முன்னதே இயல்பு: இன்று என்ன விலையில் இருக்கிறது என்ற கேள்வி அது.

பதில் வருகிறது: "அ தோஸ் ஸெஸென்தா." விலைப் பலகையில் 2,60 என்றிருக்கும். அங்கே புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி வரும். கடைக்காரர் யூரோ என்றும் சொல்வதில்லை, சென்ட் என்றும் சொல்வதில்லை. தோஸ் (2), ஸெஸென்தா (60) என்று இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துவிடுகிறார். முதலில் வருவது யூரோ, அடுத்து வருவது சென்ட். சிலர் நடுவில் 'கோன்' சேர்த்து "தோஸ் கோன் ஸெஸென்தா" என்பார்கள், விலை அதேதான்.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது 60-க்கும் 70-க்கும் இடையில்தான். ஸெஸென்தா 60, ஸெத்தென்தா 70. நடுவிலுள்ள ஒரே ஓசைதான் வேறு. சந்தை இரைச்சலில் அது நழுவிவிடும். ஐயம் வந்தால் "ஸெய்ஸ் ஸேரோ?" (ஆறு, சுழியம்) என்று இலக்கங்களைப் பிரித்துக் கேட்டுவிடலாம். ஸெய்ஸ், ஸியெத்தே (7) இரண்டும் அவ்வளவு எளிதில் குழம்பாது.

அளவு கேட்பதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று நாம் சொல்வது போலவே அங்கும் உன் க்வார்த்தோ, மேதியோ கீலோ, த்ரெஸ் க்வார்த்தோஸ் என்று பின்னத்தில்தான் பேச்சு. அரைக் கிலோவுக்கு முன்னால் நாமும் 'ஒரு' போடுவதில்லை, அவர்களும் 'உன்' போடுவதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒன்றரைக் கிலோ தக்காளி, கிலோ 2,60 வீதம் 3,90. அரைக் கிலோ வெங்காயம், கிலோ 1,40 வீதம் 0,70. ஒரு லெட்டூஸ் 1,20. "அல்கோ மாஸ்?" (வேறு ஏதாவது?) என்பார். "நாதா மாஸ், க்ராஸியாஸ்" என்றால் போதும், நன்றி என்று பொருள். மொத்தம் "ஸின்கோ ஒச்சென்தா", அதாவது 5,80. பத்து யூரோ நோட்டைக் கொடுத்தால் மீதி "க்வாத்ரோ வெய்ன்தே", 4,20.

தக்காளி விலையை 2,70 என்று தவறாகக் கேட்டிருந்தால் அந்த வரி 4,05 ஆகும், மொத்தம் 5,95. கடைக்காரர் சொன்ன 5,80-க்கும் அதற்கும் 15 சென்ட் வித்தியாசம். கேட்டது பிசகியது எந்த இடத்தில் என்று மாணவர் தாமே பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கலாம். மொத்தம் வரை போகாமல் பாதியில் நிற்கும் பயிற்சியில் இந்தச் சோதனைக்கு வழியில்லை.

அதனால் இருவரும் ஒரே உரையாடலைப் பார்த்து வாசிப்பதால் பெரிய பயன் இல்லை. அடுத்த விலை கண்ணெதிரே இருக்கும்போது காது வேலை செய்வதில்லை. ஒருவரிடம் வாங்க வேண்டியவற்றின் பட்டியலும் பத்து யூரோவும் மட்டும் இருக்கட்டும். மற்றவரிடம் விலைப் பட்டியல் இருக்கட்டும், அதை அவர் மறைத்து வைத்துக்கொள்ளட்டும். வாங்குபவர் கேட்ட விலையை எண்ணில் எழுதி, மீதியைத் தாமே கணக்கிட்டு, வாங்கிய சில்லறையோடு ஒப்பிட வேண்டும். விலைகளில் 60, 70 இரண்டும் கட்டாயம் கலந்திருக்க வேண்டும். அடுத்த சுற்றில் விலைகளை மாற்றிவிட்டு, கடைக்காரர் கொஞ்சம் வேகமாகப் பேசலாம்.

இதே பயிற்சியை மெக்சிகோவுக்கு என்று வைத்தால் பணம் பெசோவாகும், கேள்வியும் "அ கோமோ எல் கீலோ?" என்று மாறும். மத்திய மெக்சிகோவில் சிவப்புத் தக்காளிக்குப் பெயர் ஹித்தோமாத்தே. வெறும் தொமாத்தே என்று கேட்டால் அங்கே பச்சை நிறத்தில், மெல்லிய உறை மூடிய வேறொரு காயை எடுத்துக் கொடுக்கலாம்.