தட்டு மாறும், துடிப்பு மாறாது

கர்நாடக இசைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது பாடகரின் கையைக் கவனித்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மிருதங்கக்காரர் சதுஸ்ர நடையிலிருந்து திஸ்ரத்துக்குப் போவார், கண்டத்துக்குப் போவார். கை மட்டும் அசையாமல் அதே காலப்பிரமாணத்தில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஓர் அட்சரத்துக்குள் நான்கு மாத்திரை இருந்த இடத்தில் மூன்று வரும், ஐந்து வரும், ஏழும் வரும். அட்சரத்தின் நீளம் மாறாது, உள்ளே வெட்டும் கணக்குதான் மாறும்.

இதை அப்படியே தலைகீழாக்கினால் என்ன ஆகும்? மாத்திரையை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு கையை இடம் மாற்றினால்? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டர் இந்தக் கேள்வியின் மேல்தான் தன் இசையைக் கட்டினார். மேற்கத்திய இசையில் இதற்கு மெட்ரிக் மாடுலேஷன் என்று பெயர். பெயர் வைத்தவர் கார்ட்டர் அல்ல. அவருடைய செல்லோ சொனாட்டாவைப் பற்றி 1951-இல் எழுதிய விமர்சகர் ரிச்சர்ட் ஃபிராங்கோ கோல்ட்மன் போட்ட பெயர் அது.

நடைபேதம் தெரிந்த வாசகருக்கு இதன் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆதி தாளத்தில் சதுஸ்ர நடை ஓடிக்கொண்டிருக்கும்போது மாத்திரைகளை மும்மூன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு கொத்தின் தலையிலும் அழுத்தம் கொடுத்து வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவரின் காதில் இரண்டாவதாக ஒரு தட்டு முளைக்கும். அது கையின் தட்டைவிட வேகமானது, அதோடு மோதிக்கொண்டே போகும். கர்நாடக இசையில் இந்த மோதலே சுவை. கை தன் இடத்தை விடாததால், கடைசியில் சமத்திலோ இடத்திலோ வந்து விழும்போது கணக்கு நேராகிறது. கார்ட்டர் செய்வது வேறு. மோதிக்கொண்டிருந்த இரண்டாவது தட்டையே ஓர் இடத்தில் முதல் தட்டாக்கிவிடுகிறார். பழைய தட்டு அங்கேயே மறைந்துபோகிறது. சமம் என்று திரும்பி வர ஓர் இடம் இல்லை.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நிமிடத்துக்கு 96 பீட் என்ற வேகத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பீட்டையும் நான்காகப் பிரித்தால் நிமிடத்துக்கு 384 சிறு துடிப்புகள் கிடைக்கும். இப்போது அந்தத் துடிப்பின் வேகத்தை எள்ளளவும் மாற்றாமல், நான்கு நான்காக இருந்ததை மும்மூன்றாக அழுத்த வேண்டும். 384-ஐ மூன்றால் வகுத்தால் 128. அழுத்தங்கள் நிமிடத்துக்கு 128 என்ற வேகத்தில் வரும். சில நொடிகள் இப்படிப் போன பிறகு 128-ஐயே பீட்டாக எடுத்துக்கொண்டு, அதை நான்காகப் பிரித்து வாசிக்கத் தொடங்கினால் வேலை முடிந்தது. இசை வேறொரு வேகத்துக்கு நகர்ந்துவிட்டது, ஆனால் எந்த இடத்திலும் யாரும் வேகத்தைக் கூட்டவில்லை.

திரும்பி வரும் வழியும் இதே கதவுதான். 128 என்ற பீட்டை மூன்றாகப் பிரித்தால் மறுபடியும் 384. அதை நான்கு நான்காகக் கொத்தினால் 96. வேறு பிரிவுகளும் உண்டு. 96-ஐ ஐந்தாகப் பிரித்தால் 480, அதை நான்கு நான்காகச் சேர்த்தால் 120. பழைய வேகத்தைப் பிரிவின் எண்ணால் பெருக்கிக் கொத்தின் எண்ணால் வகுப்பது, இதைத் தவிர வேறு கணிதம் இதில் இல்லை. கார்ட்டரின் இசையைக் கணிதப் புதிர் என்று சொல்லி ஒதுங்குபவர்கள் பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றும் கிடையாது. கடினம் காகிதத்தில் இல்லை, விரலிலும் காதிலும்தான் இருக்கிறது.

முதல் சிக்கல் வாசிப்பவருக்கு. நான்கு நான்காக வாசித்துக்கொண்டிருந்த கை மும்மூன்றாக அழுத்தத் தொடங்கியதும் தன்னை அறியாமல் கொஞ்சம் ஓடும். 128-இல் போய் நிற்க வேண்டியது 132-இல் நிற்கும். அங்கேயே இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதே வழியில் திரும்பி வரும்போது 96-க்குப் பதில் 99 வரும். இப்படி நான்கைந்து மாற்றங்கள் கோத்த ஒரு படைப்பில் ஒவ்வொரு பிழையும் அடுத்ததன் தோளில் ஏறிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. 96, 128 இரண்டுக்கும் பொதுவான எண் 32. மெட்ரோனோமை 32-இல் வைத்தால் பழைய வேகத்தில் மூன்று பீட்டுக்கு ஒரு தட்டு, புதிய வேகத்தில் நான்கு பீட்டுக்கு ஒரு தட்டு. இரண்டும் பன்னிரண்டு சிறு துடிப்புகளின் நீளமே, இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவு. வேகம் மாறினாலும் மெட்ரோனோமைத் தொட வேண்டியதில்லை. மாற்றம் சரியாக நடந்திருந்தால் அந்தத் தட்டு எப்போதும் ஒரு பீட்டின் தலையில் விழும். ஓடியிருந்தால் இரண்டு மூன்று சுற்றுக்குள் விலகல் காதுக்கே கேட்கும். கோபுர வடிவப் பழைய மெட்ரோனோம்கள் பெரும்பாலும் 40-இல்தான் தொடங்கும் என்பதால் இதற்குக் கைபேசிச் செயலிதான் கைகொடுக்கும்.

இரண்டாவது சிக்கல் எழுத்தில். வேகம் மாறும் இடத்தில் கோட்டுக்கு மேல் இரண்டு ஸ்வரக் குறிகளைப் போட்டு நடுவில் சமக்குறி இடுவது வழக்கம். பழைய குறி எந்தப் பக்கம், புதிய குறி எந்தப் பக்கம் என்பதில் எல்லா இசையமைப்பாளர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. தலைகீழாகப் படித்தால் வேகம் கூடவேண்டிய இடத்தில் குறையும். அதனால்தான் பலர் அம்புக்குறி போட்டு எழுதுகிறார்கள். மாற்றத்துக்கு இருபுறமும் மெட்ரோனோம் எண்கள் கொடுக்கப்பட்டிருந்தால், வாசிக்கும் முன் பெருக்கி வகுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, மூன்றிலும் பெரியது, கேட்பவருடையது. பழைய தட்டு ஏதாவது ஒரு வாத்தியத்தில் தொடர்ந்து ஒலித்துக்கொண்டே இருந்தால் காது அதை விடாது. புதிய அழுத்தங்களை எதிர்த்தாளமாகவே கேட்கும், வேகம் மாறியதாக உணராது. பழைய தட்டைச் சட்டென்று நிறுத்திவிட்டாலோ பாலம் இல்லாமல் போய், வெறுமனே வேறு வேகம் தொடங்கியதுபோல் இருக்கும். மாற்றம் மாற்றமாகவே உணரப்பட, இரண்டு தட்டுகளும் சிறிது நேரம் சேர்ந்து வாழ வேண்டும், பிறகு பழையது மெல்ல ஒதுங்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கார்ட்டரின் திறமை இந்த இடைக்காலத்தைக் கையாள்வதில்தான் தெரிகிறது.

அதைப் பார்க்கச் சிறந்த இடம், ஒரே ஒருவர் நான்கு டிம்பனிகளில் வாசிப்பதற்காக அவர் எழுதிய துணுக்குகள். 1950-ஐ ஒட்டி ஆறு எழுதினார். 1966-இல் அவற்றைத் திருத்தி, இன்னும் இரண்டைச் சேர்த்து எட்டாக்கினார். டிம்பனியில் மெட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நான்கு சுருதிகள், குச்சியின் தலை, குச்சியின் அடிப்பகுதி, தோலின் நடு, ஓரம் என்று கிடைக்கும் ஒலி வேறுபாடுகள், இவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இசையில் வேறு சதை இல்லாததால் தாளத்தின் எலும்பு வெளியே தெரிகிறது. இவற்றில் ‘மார்ச்’ என்ற துணுக்கில் வெவ்வேறு வேகத்தில் நடக்கும் இரண்டு அணிவகுப்புத் தாளங்களை ஒரே மனிதர் வாசிக்க வேண்டும். குச்சியைத் திருப்பிப் பிடித்து அடிப்பகுதியால் தட்டும் ஒலி ஒரு பக்கமும் தலையால் தட்டும் ஒலி மறுபக்கமும் இருப்பதால், எந்தத் தட்டு எப்போது முன்னுக்கு வருகிறது என்பதைக் காது எளிதாகப் பின்தொடரலாம். பயிற்சி பெறும் மாணவர்கள் கார்ட்டரின் பெரிய படைப்புகளுக்குப் போகும் முன் இங்கிருந்து தொடங்குவதே சரி.

பெரிய படைப்பு என்றால் முதல் சரக்கருவி நால்வர் இசை, 1951. அதை எழுத அவர் நியூயார்க்கை விட்டு அரிசோனாப் பாலைவனப் பக்கம் போய்த் தங்கினார். நான்கு கருவிகளும் பல நேரம் நான்கு வேகத்தில் போகின்றன. ஒன்றின் பின்னணித் துடிப்பு சிறிது நேரம் கழித்து எல்லோருக்கும் பொதுவான தட்டாகிறது. டிம்பனியில் பழகிய காதுக்கு இது நெருக்கடியான தெருவில் தெரிந்த முகத்தைப் பார்ப்பதுபோல.

இதெல்லாம் கார்ட்டரின் கண்டுபிடிப்பா என்றால், இல்லை. 1920-இல் ஸ்ட்ராவின்ஸ்கி எழுதிய ‘காற்றுக் கருவிகளுக்கான சிம்பொனிகள்’ 72, 108, 144 என்ற வேகங்களில் ஓடுகிறது. இரண்டு, மூன்று, நான்கு என்ற விகிதம். ஆனால் ஸ்ட்ராவின்ஸ்கி இந்த வேகங்களைப் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டி ஒட்டுகிறார், கார்ட்டர் ஒன்றிலிருந்து மற்றொன்றை முளைக்க விடுகிறார். தன் தாளச் சிந்தனைக்கு இந்தியத் தாளங்கள், பாலித் தீவின் கெமலான், ஆப்பிரிக்க இசைப் பதிவுகள் ஆகியவற்றையும் கவனித்ததாகக் கார்ட்டரே தன் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார். அதை வைத்து நம்மிடமிருந்து எடுத்தார் என்று மார்தட்டுவது அதிகப்படி. சமத்தையே கைவிடுகிற ஒரு முறையை நம் வித்வான்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பதும் சந்தேகம்தான்.

ஜாஸில் இது வேறு பாதையில் வந்தது, எழுத்தில் இல்லாமல் மேடையின் உடனடித் தீர்மானமாக. மைல்ஸ் டேவிஸ் குழு 1966-இல் பதிவுசெய்த ‘ஃபுட்பிரின்ட்ஸ்’ வெய்ன் ஷார்ட்டர் எழுதிய, பன்னிரண்டு பார் கொண்ட ப்ளூஸ். ஒவ்வொரு பாரிலும் பன்னிரண்டு சிறு துடிப்புகள் இருப்பதாக எண்ணலாம். இரண்டிரண்டாகக் கொத்தினால் ஆறு பீட், மும்மூன்றாகக் கொத்தினால் நான்கு. டிரம்ஸில் டோனி வில்லியம்ஸும் பாஸில் ரான் கார்ட்டரும் ஆறிலிருந்து நான்குக்கும் நான்கிலிருந்து ஆறுக்கும் நழுவிக்கொண்டே இருப்பார்கள். வேகம் விழுந்தது போலவும் எழுந்தது போலவும் தோன்றும். ஆனால் பாரின் நீளம் மாறாது, ப்ளூஸின் பன்னிரண்டு பாரும் அதனதன் இடத்தில் வந்துகொண்டிருக்கும். எலியட் கார்ட்டரிடம் இல்லாத ‘கை’ இங்கே இருக்கிறது, யாரும் வெளியே தட்டிக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். ஆகையால் ஆசிரியர்கள் பலர் இதை முழு மாடுலேஷன் என்று சொல்லாமல் மறைமுகமானது என்று தனியே பிரிக்கிறார்கள். எது எந்த வகை என்று ஐயம் வந்தால் பாரின் முதல் பீட்டில் மட்டும் கை தட்டியபடி ஒரு பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். வேகம் மாறிய பின்னும் கைத்தட்டலுக்கு இடையே அதே இடைவெளி இருந்தால் அது ‘ஃபுட்பிரின்ட்ஸ்’ வகை. தட்டும் இடமே விலகிப் போய், புதிதாக எண்ணத் தொடங்க வேண்டியிருந்தால் அது கார்ட்டர் வகை.