10% + 18% = 28% இல்லையா? இறக்குமதி வரிக் கணக்கு இப்படித்தான் போகுது!

சென்னைத் துறைமுகத்திலிருந்து வியாசர்பாடி தொழிற்பேட்டை சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால், கப்பலில் வந்த பொருள் பட்டறைக்குள் நுழைவதற்குள் அதன் விலை எவ்வளவு ஏறும்? ‘சுங்கவரி 10%, ஜிஎஸ்டி 18%, ஆக 28%’ என்று கூட்டி வைத்துக்கொண்டு கஸ்டமருக்கு விலை சொன்னால், நஷ்டம் நமக்குத்தான். ஏன்னு பார்ப்போம்.

எந்த விலைக்கு வரி?

வெளிநாட்டு சப்ளையருக்குக் கொடுத்த விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. அதோடு இந்தியா வரைக்குமான சரக்குக் கட்டணம், இன்ஷூரன்ஸ் இரண்டையும் சேர்ப்பார்கள். இந்தக் கூட்டுத்தொகைதான் ‘மதிப்பீட்டு மதிப்பு’. டாலரை ரூபாயாக மாற்றுவதற்கும் சுங்கத்துறை வெளியிடும் மாற்று விகிதம்தான் கணக்கு. கூகுளில் பார்த்த ரேட் செல்லாது. துறைமுகத்திலிருந்து பட்டறைக்கு வரும் லாரி வாடகை இதில் சேராது.

ஓர் உதாரணம். வியாசர்பாடியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலையாக ரூ.90,000-க்கு ஓர் இயந்திர பாகத்தை வாங்குகிறார். சரக்குக் கட்டணம் ரூ.8,000, இன்ஷூரன்ஸ் ரூ.2,000. மதிப்பீட்டு மதிப்பு ரூ.1,00,000. அந்தப் பொருளுக்கு அடிப்படைச் சுங்கவரி 10%, ஐஜிஎஸ்டி 18% என்று வைத்துக்கொள்வோம்.

- அடிப்படைச் சுங்கவரி: 1,00,000-ல் 10% = ரூ.10,000
- சமூக நலக் கூடுதல் வரி: அந்த 10,000-ல் 10% = ரூ.1,000
- இதுவரை மொத்தம்: ரூ.1,11,000
- ஐஜிஎஸ்டி: 1,11,000-ல் 18% = ரூ.19,980
- கட்ட வேண்டிய மொத்த வரி: ரூ.30,980

28% என்று நினைத்தது 30.98% ஆகிவிட்டது. காரணம் இரண்டு. 2018 பட்ஜெட்டில் வந்த சமூக நலக் கூடுதல் வரி, பொருளின் விலைக்கு இல்லாமல் சுங்கவரிக்கு மேல் போடப்படுகிறது. அடுத்து, கட்டிய சுங்கவரிக்கும் கூடுதல் வரிக்கும் சேர்த்தே ஐஜிஎஸ்டி வருகிறது. அதாவது, வரிக்கு மேல் வரி!

இன்வாய்ஸ் இல்லைன்னா என்ன ஆகும்?

பலர் சறுக்குவது இங்கேதான். சரக்குக் கட்டணத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஆதாரம் காட்ட முடியாவிட்டால், 2007-ம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின்படி பொருள் விலையில் 20% சரக்குக் கட்டணமாகவும், 1.125% இன்ஷூரன்ஸாகவும் எடுத்துக்கொள்ளப்படும்.

நம்ம உதாரணத்தில் அது ரூ.18,000 + ரூ.1,012.50. மதிப்பீட்டு மதிப்பு ரூ.1,09,012.50 ஆகிவிடும், மொத்த வரி சுமார் ரூ.33,772. ஒரு சரக்குக் கட்டண பில் கையில் இல்லாததற்கு ரூ.2,792 கூடுதல். உங்கள் பில் ஆஃப் என்ட்ரியில் சரக்குக் கட்டணம் சரியாக 20%, இன்ஷூரன்ஸ் 1.125% என்று இருந்தால், இதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே கிளியரிங் ஏஜென்ட்டிடம் கேளுங்க.

விமானத்தில் வரும் சரக்குக்கு இதே 20% ஒரு சலுகை. நிஜக் கட்டணம் எவ்வளவு எகிறினாலும், பொருள் விலையில் 20%-க்கு மேல் சேர்க்க மாட்டார்கள்.

சுங்கவரி பூஜ்யம்னா வரியே இல்லையா?

வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டில் தயாரானது என்ற சான்றிதழோடு வரும் சில பொருட்களுக்கு அடிப்படைச் சுங்கவரி பூஜ்யமாகலாம். அப்போது கூடுதல் வரியும் பூஜ்யம். ஏன்னா, பூஜ்யத்தில் 10% பூஜ்யம்தானே! ஆனால், ஐஜிஎஸ்டி தப்பாது. நம்ம உதாரணத்தில் ரூ.18,000 கட்டியே ஆகணும்.

இதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

ஜிஎஸ்டி பதிவு இருந்து, பொருள் தொழிலுக்காக வந்திருந்தால், ஐஜிஎஸ்டி ரூ.19,980-ஐ பொதுவாக உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். பில் ஆஃப் என்ட்ரியில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா, அந்தத் தொகை ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சுங்கவரியும் கூடுதல் வரியும் சேர்ந்த ரூ.11,000-க்கு இந்த வரவு கிடையாது, அது முழுக்க அடக்கச் செலவு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஐஜிஎஸ்டியும் செலவுதான்.

ஆக, ரூ.90,000 பொருள் துறைமுகத்தைத் தாண்டும்போது ரெகுலர் ஜிஎஸ்டிக்காரருக்கு ரூ.1,11,000, காம்போசிஷன்காரருக்கு ரூ.1,30,980. கிளியரிங் கட்டணம், லாரி வாடகை எல்லாம் தனி. கஸ்டமருக்குச் சொல்லும் விலையை இதற்கு மேல்தான் ஆரம்பிக்கணும்.