பி.ஐ.டி. கன்ட்ரோலர்: இலக்கை எட்டவைக்கும் மூன்று உறுப்புகள்

ஒரு கன்ட்ரோலரின் இலக்கைச் சட்டென ஒரே தாவலாக மாற்றினால், அதன் ஆளுகையில் உள்ள கருவி புதிய இலக்கை நோக்கி நகரும் விதத்தைப் படி மறுமொழி என்பர். எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இலக்கைத் தாண்டுகிறதா, எத்தனை முறை அலைபாய்கிறது, கடைசியில் எங்கே நிற்கிறது என்பவை இந்த வரைகோட்டில் தெரிந்துவிடும். பி.ஐ.டி. கன்ட்ரோலரின் விகித, தொகையீட்டு, வகையீட்டு உறுப்புகள் அந்தக் கோட்டை ஆளுக்கொரு விதமாக வளைக்கின்றன.

30 டிகிரி செல்சியஸ் அறையில் ஒரு சிறிய மின் உலை இருப்பதாகக் கொள்ளலாம். ஹீட்டரின் ஒவ்வொரு சதவீதத் திறனும் உலையை முடிவில் 3 டிகிரி உயர்த்தும். அந்த உயர்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எட்டப் பத்து நிமிடம் ஆகும். ஹீட்டரில் செய்யும் மாற்றம் தெர்மோகப்பிளில் தெரிய 20 விநாடி பிடிக்கும். இலக்கு 180 டிகிரி. அங்கே நிலைத்து நிற்க 50 சதவீதத் திறன் தேவை.

விகித உறுப்பு, இலக்குக்கும் இப்போதைய வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியை ஓர் எண்ணால் பெருக்கி ஹீட்டருக்கு அனுப்புகிறது. அந்த எண் 3 என்றால், உலை 165 டிகிரியிலேயே நின்றுவிடும். இடைவெளி 15 டிகிரி, அதற்கான திறன் 45 சதவீதம், அது தரும் உயர்வு 135 டிகிரி. கணக்கு அங்கே சமனாகிவிடுகிறது. இடைவெளி முழுவதும் மறைந்தால் ஹீட்டரின் திறனும் பூஜ்யமாகிவிடும் என்பதால், விகித உறுப்பால் மட்டும் இலக்கைத் தொட முடியாது. எண்ணை 10 ஆக்கினால் குறை 5 டிகிரியாகச் சுருங்கும். ஆனால் 20 விநாடித் தாமதத்தால் உலை அலைபாயத் தொடங்கும். 16-ஐ நெருங்கினால் ஏறத்தாழ 80 விநாடிக்கு ஒன்றாக அலைகள் அடங்காமல் தொடரும்.

எஞ்சிய குறையைத் தீர்ப்பது தொகையீட்டு உறுப்பு. அது இடைவெளியை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகிறது. பெருக்க எண் 3, தொகையீட்டு நேரம் 300 விநாடி என்று வைத்தால், 15 டிகிரி குறைக்கு அது நிமிடத்துக்கு 9 சதவீதம் என்ற வேகத்தில் திறனைச் சேர்க்கும். இடைவெளி பூஜ்யமானால்தான் கூட்டல் நிற்கும். அப்போது தேவையான 50 சதவீதத்தையும் சேர்த்துவைத்த இந்தத் தொகையே தாங்கிக்கொள்கிறது.

இதற்கு விலையும் உண்டு. 150 டிகிரி தாவலின்போது விகித உறுப்பு கேட்கும் திறன் 450 சதவீதம். ஹீட்டரால் தர முடிந்தது 100. முதல் ஐந்து நிமிடம் ஹீட்டர் முழுத் திறனில் ஓடும்போதும் கூட்டல் நடந்துகொண்டே இருந்தால், தொகை 250 சதவீதத்தைத் தாண்டிவிடும். தேவையைப் போல் அது ஐந்து மடங்கு. இலக்கைத் தாண்டி எதிர்ப்பக்க இடைவெளி உண்டாகும்வரை அந்த மிகை குறையவே குறையாது. உலை வெகுதூரம் மேலே போய், மெல்லத்தான் திரும்பும். அதனால்தான் நல்ல கன்ட்ரோலர்கள் ஹீட்டர் உச்சத்தில் இருக்கும்வரை கூட்டலை நிறுத்திவைக்கின்றன.

வகையீட்டு உறுப்பு பார்ப்பது மாறும் வேகத்தை. உலை 170 டிகிரியில், விநாடிக்கு 0.25 டிகிரி வீதம் ஏறிக்கொண்டிருக்கிறது என்போம். விகித உறுப்பு 30 சதவீதம் கேட்கும். ஆனால் இதே வேகத்தில் போனால் 20 விநாடியில் உலை 175-ஐ எட்டிவிடும். வகையீட்டு நேரம் 20 விநாடி என்றால், இந்த உறுப்பு 15 சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. 175 டிகிரிக்கு உரிய திறனை முன்கூட்டியே கொடுப்பதற்கு இது சமம். தாண்டுதல் குறைகிறது, அலைகள் சீக்கிரம் அடங்குகின்றன. நிலையாக நிற்கும் உலையில் வேகம் பூஜ்யம் என்பதால், 165-இல் நின்ற குறையை இது தீர்க்காது.

இதன் பலவீனம் இரைச்சல். 0.1 விநாடிக்கு ஒருமுறை எடுக்கும் அளவீடு 0.5 டிகிரி துள்ளினால், அதை விநாடிக்கு 5 டிகிரி வேகமாக எடுத்துக்கொண்டு 300 சதவீதம் உதறும். எனவே அளவீட்டை முதலில் வடிகட்ட வேண்டும். இலக்கு தாவும் கணத்தில் இடைவெளியும் தாவுவதால், வேகத்தை இடைவெளியிலிருந்து எடுக்காமல் அளந்த வெப்பநிலையிலிருந்து எடுப்பதே வழக்கம்.

ஆகவே வரைகோட்டைப் பார்த்தே குறையைக் கண்டுகொள்ளலாம். இலக்குக்குக் கீழே ஓய்ந்து நின்றால் தொகையீடு இல்லை அல்லது போதவில்லை. மேலே ஏறி வெகுநேரம் தங்கித் திரும்பினால் தொகை மிகுந்துவிட்டது. சிறு சிறு அலைகள் விடாமல் தொடர்ந்தால் விகிதப் பெருக்கம் அதிகம். வெப்பநிலை அமைதியாக இருக்க, ஹீட்டரின் திறன் மட்டும் படபடத்தால் வகையீடு இரைச்சலைப் பெருக்குகிறது.